ஆப்பிள் சைடர் வினிகரும் அரிசித் தண்ணீரும்: தலைத்தோலுக்கும் முடிக்கும் உண்மையில் என்ன செய்கின்றன?

பழைய வண்ணாரப்பேட்டையில் பள்ளி வேதியியல் ஆசிரியராக இருப்பதால், தலைக்குக் குளிப்பது பற்றிய ஒரே மாதிரியான சந்தேகங்கள் பல வருடங்களாக என்னிடம் வந்துகொண்டிருக்கின்றன. கேட்பவர்களில் பெரும்பாலோர் வினிகர் பாட்டிலைப் பற்றியே யோசிக்கிறார்கள். அதைக் கலக்கும் தண்ணீரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நம் பகுதியில் முடிவைத் தீர்மானிப்பது அந்தத் தண்ணீர்தான் என்பதால் அதற்கே இங்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

டீச்சர், பிஎச் பிஎச்-னு எல்லாரும் சொல்றாங்களே, தலைக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

ஒரு திரவம் எவ்வளவு அமிலமானது என்பதை அளக்கும் எண் அது. 7 என்பது நடுநிலை. அதற்குக் கீழே போனால் அமிலம், மேலே போனால் காரம். ஒவ்வொரு எண்ணுக்கும் இடையே பத்து மடங்கு வித்தியாசம் உண்டு என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

தலைத்தோலின் மேற்பரப்பு ஏறக்குறைய 5.5 என்ற அளவில், அதாவது லேசான அமிலத்தன்மையுடன் இருக்கிறது. வியர்வையும் தோல் சுரக்கும் எண்ணெயும் சேர்ந்து அந்த நிலையைக் காக்கின்றன. குளியல் சோப்பு 9 முதல் 10 வரை இருப்பதால், அதைத் தலைக்குப் போட்டால் இந்த அளவு சற்று ஏறும். ஆனால் ஆரோக்கியமான தோல் சில மணி நேரத்தில் தானாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஆகவே வினிகர் ஊற்றித்தான் தலைத்தோலின் அமிலத்தன்மையை மீட்க வேண்டும் என்ற கட்டாயம் பெரும்பாலானவர்களுக்கு இல்லை.

முடியின் கதை வேறு. அது உயிரற்ற நார். எதையும் தானாகச் சரிசெய்துகொள்ளாது. எனவே அமிலக் கழுவலின் பலன் என்று ஒன்று இருந்தால், அதைத் தலைத்தோலைவிட முடியில்தான் தேட வேண்டும்.

வினிகர் ஊத்தினா முடி பளபளன்னு ஆகுதே, அது நெஜமா, இல்ல நமக்குத் தோணுறதா?

பல சமயங்களில் நிஜம்தான். முடியின் மேலுறையில் மெல்லிய செதில்கள் வேரிலிருந்து நுனியை நோக்கி ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. இதைத்தான் க்யூட்டிகிள் என்கிறார்கள். காரமான தண்ணீரில் முடி ஊதி, செதில்களின் விளிம்புகள் சற்றுத் தூக்கிக்கொள்கின்றன. முடியின் பரப்பில் எதிர்மின்னேற்றமும் அதிகமாகிறது. அப்போது ஒரு முடி மற்றொன்றை உரசிச் சிக்கு விழுகிறது. 3.7-ஐ ஒட்டிய அளவில் முடியின் மின்னேற்றம் நடுநிலைக்கு வந்துவிடுகிறது. அந்தப் பக்கமாக நகர்த்தும் லேசான அமிலம், ஊதலைக் குறைத்துச் செதில்களைப் படிய வைக்கிறது. சமமான பரப்பில் வெளிச்சம் நன்றாகப் பிரதிபலிக்கிறது.

இதோடு இன்னொரு வேலையும் நடக்கிறது. நம் ஊரில் இதுவே பெரிது என்பது என் கருத்து. கடினநீரில் உள்ள கால்சியம் முடியில் ஒட்டிக்கொள்ளும். சோப்புப் போடுபவர்களுக்கு அது சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காகவே படியும். சீப்பின் பற்களுக்கிடையே வெள்ளையாகத் திரளும் மாவு போன்ற அழுக்கில் பெரும்பகுதி அதுதான். வினிகரின் அமிலம் இந்தப் பிடியைத் தளர்த்திக் கால்சியத்தை ஓரளவு கரைத்து வெளியேற்றுகிறது.

ஆனால் இந்த இரண்டு பலன்களும் அடுத்த குளியல் வரைதான். உடைந்துபோன செதில் மீண்டும் முளைக்காது, வெடித்த நுனி ஒட்டாது.

ஒரு பக்கெட் தண்ணியில ஒரு ஸ்பூன் வினிகர் ஊத்தி, மாசக்கணக்கா கடைசியில குளிக்கிறேன். ஒண்ணுமே தெரியலையே?

தெரியாததற்குக் காரணம் இருக்கிறது. போர்வெல் தண்ணீரில் பைகார்பனேட் என்ற உப்பு கரைந்திருக்கிறது. அமிலம் சேர்ந்தவுடன் முதலில் அதனுடன் வினைபுரிந்து செலவழிந்துவிடும்; மிச்சம் இருந்தால் மட்டுமே முடிக்கு வந்து சேரும். இந்தப் பைகார்பனேட்டை வீட்டிலேயே அளக்கலாம். கொளத்தூரில் வண்ணமீன் விற்கும் கடைகளில், மீன் தொட்டிக்காக கேஎச் சோதனைப் புட்டி கிடைக்கும். 5 மில்லி தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விட்டு, நீல நிறம் மஞ்சளாக மாற எத்தனை சொட்டு ஆயிற்று என்று எண்ணினால் போதும். பொதுவாக ஒரு சொட்டு என்பது, கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டால், லிட்டருக்கு ஏறக்குறைய 18 மில்லிகிராம். புட்டியோடு வரும் தாளில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டு போர்வெல் தண்ணீருக்கு 17 சொட்டு ஆனது. லிட்டருக்குச் சுமார் 300 மில்லிகிராம். இந்தத் தண்ணீர் 15 லிட்டர் பிடிக்கும் ஒரு பக்கெட்டில் இருக்கிறது என்று வைத்துக் கணக்குப் போடுவோம். அதில் உள்ள பைகார்பனேட்டை முழுவதும் தீர்க்கவே, 5 சதவீத வினிகர் 15 மில்லி அளவுள்ள பெரிய ஸ்பூனால் ஏழு ஸ்பூனுக்கு மேல் வேண்டும். நீங்கள் ஊற்றியதோ ஒன்று. பக்கெட் தண்ணீர் 7-க்குக் கீழேகூட இறங்கியிருக்காது. மாதக்கணக்கில் நீங்கள் ஊற்றியது வினிகர் வாசனை சேர்ந்த போர்வெல் தண்ணீரைத்தான்.

அதே ஒரு ஸ்பூனை அதே தண்ணீர் அரை லிட்டரில் ஊற்றினால் 4.3-க்கு அருகில் வரும். ஒரு லிட்டரில் 4.7 வரும். இரண்டுமே பயனுள்ள அளவுகள். மாறாக, ஆர்.ஓ. தண்ணீர் அரை லிட்டரில் அதே ஸ்பூனை ஊற்றினால் 3.2-க்கு இறங்கிவிடும், ஏனென்றால் தடுக்க அங்கே பைகார்பனேட் ஏறக்குறைய இல்லை. ஒரே ஸ்பூன், ஒரே பாட்டில். தண்ணீர் மாறினால் ஒரு வீட்டில் வீண், இன்னொரு வீட்டில் எரிச்சல்.

அப்போ சரியான அளவுதான் என்ன? எப்படி ஊத்தணும்?

போர்வெல் தண்ணீர் அல்லது லாரித் தண்ணீர் என்றால் அரை லிட்டருக்கு 15 மில்லி வினிகர். மெட்ரோ தண்ணீர் என்றால் ஒரு லிட்டருக்கு 15 மில்லியில் தொடங்குங்கள். மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் 2010 முதல் இயங்கும் கடல்நீர் சுத்திகரிப்பு ஆலையின் தண்ணீர் வரும் பகுதிகளிலும் இந்தக் குறைந்த அளவே போதும், அந்தத் தண்ணீரில் இயல்பிலேயே பைகார்பனேட் குறைவு. சமையலறை ஸ்பூன்கள் வீட்டுக்கு வீடு மாறும். இருமல் மருந்துப் புட்டியோடு வரும் கோடு போட்ட மூடியில் அளப்பது நம்பகமானது. பாரிமுனைப் பக்கம் ரசாயனக் கடைகளில் பிஎச் காட்டும் தாள் வாங்கி ஒருமுறை நனைத்துப் பார்த்துவிட்டால் ஊகமே தேவையில்லை. 4-க்கும் 5-க்கும் இடையே நிறம் காட்டினால் சரி. 3.5-க்குக் கீழே காட்டினால் தண்ணீர் சேர்க்க வேண்டும்.

ஷாம்பு அல்லது சோப்பை முழுவதும் அலசிய பிறகு, கண்ணை மூடித் தலையைப் பின்பக்கம் சாய்த்து, காதுக்குக் கீழே உள்ள முடி நனையும்படி ஊற்றுங்கள். வயதான முடி அங்கேதான் இருக்கிறது, கால்சியமும் அங்கேதான் அதிகம் சேர்ந்திருக்கும். ஓரிரு நிமிடம் விட்டு அலசிவிடலாம். வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் அவசியமில்லை.

அலசுவதில் ஒரு சிக்கல் உண்டு. வினிகரால் கால்சியத்தை எடுத்துவிட்டு, கடைசியாக மீண்டும் ஒரு பக்கெட் போர்வெல் தண்ணீரைத் தலையில் கவிழ்த்தால், எடுத்ததில் ஒரு பகுதி திரும்ப வந்து உட்காரும். இறுதி அலசலுக்கு மட்டும் ஒன்றிரண்டு மக் மெட்ரோ தண்ணீரோ குடிக்கும் ஆர்.ஓ. தண்ணீரோ எடுத்து வையுங்கள். வினிகரே இல்லாமல் இந்தக் கடைசி இரண்டு மக்கை மட்டும் மாற்றிப் பார்க்கும்படி நான் பலரிடம் சொல்வதுண்டு. சிலருக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது.

எங்க வீட்டுத் தண்ணி டிடிஎஸ் 900 காட்டுது. அப்போ வினிகர் அதிகமா ஊத்தணுமா?

அந்த எண்ணை வைத்து முடிவு செய்ய முடியாது. டிடிஎஸ் மீட்டர் கரைந்த உப்புகள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண்ணாகக் காட்டுகிறது. அதில் பைகார்பனேட் எவ்வளவு, கால்சியம் எவ்வளவு, சாதாரண உப்பு எவ்வளவு என்று அது பிரித்துச் சொல்லாது. காசிமேடு, ராயபுரம் போன்ற கடலோரப் பகுதிகளில் 900-இல் பெரும்பங்கு சமையல் உப்பு வகையாகவே இருக்கலாம். அதை வினிகர் தொடாது. நல்ல தண்ணீரில் அலசினால் அது தானே போய்விடும். மேலே சொன்ன சொட்டுச் சோதனைதான் வினிகரின் அளவுக்கு வழிகாட்டி.

ஆர்.ஓ. மெஷின்ல வேஸ்ட்டா போற தண்ணியப் பிடிச்சு வச்சுத் தலைக்கு ஊத்தலாமா? வீணாப் போகுதே.

வேண்டாம். வடிகட்டி ஒதுக்கிய உப்பெல்லாம் அடர்ந்து சேர்ந்த தண்ணீர் அது. குழாயில் வருவதைவிடக் கடினமானது. தரை துடைக்கவும் கழிவறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடியில மண்டி இருக்கற ‘மதர்’ வினிகர்தான் வாங்கணுமா? மளிகைக் கடை வெள்ளை வினிகர் ஆகாதா?

மேலே சொன்ன இரண்டு வேலைகளையும் செய்வது அசிட்டிக் அமிலம். அது இரண்டிலும் ஒன்றே. ‘மதர்’ என்பது நுண்ணுயிர்களும் அவை உருவாக்கிய செல்லுலோசும் சேர்ந்த படலம். அது முடிக்குத் தனியாக நன்மை செய்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. விலை பல மடங்கு வேறுபடும்போது வெள்ளை வினிகரையே வாங்குங்கள் என்பேன். லேபிளில் 4 சதவீதமா 5 சதவீதமா என்று பார்த்து, 4 என்றால் சற்றுக் கூடுதலாக ஊற்றிக்கொள்ளலாம். தொழிற்கூட உபயோகத்துக்கு விற்கும் அடர் அசிட்டிக் அமிலத்தை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள்; அது தோலைப் பொசுக்கிவிடும்.

நான் ஷாம்பு போட்டுட்டுக் கண்டிஷனரும் போடுறேன். எனக்கும் வினிகர் வேணுமா?

பெரும்பாலும் வேண்டாம். கண்டிஷனர்கள் பொதுவாக அமிலத்தன்மையோடுதான் தயாரிக்கப்படுகின்றன. அவற்றில் உள்ள நேர்மின்னேற்றப் பொருட்கள் முடியின் எதிர்மின்னேற்றத்தில் பிடித்துக்கொண்டு வழுவழுப்பைத் தருகின்றன. வினிகரால் செதிலைப் படிய வைக்க முடியும், இப்படி ஒரு பூச்சைத் தர முடியாது. ஷாம்புவே காரமாக இருக்கலாம் என்பது உண்மை: பிரேசில் ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வில் சோதித்த 123 ஷாம்புகளில் ஏறக்குறைய 38 சதவீதம் மட்டுமே 5.5 அல்லது அதற்குக் கீழே இருந்தன. ஆனால் அதைச் சரிக்கட்டக் கண்டிஷனரே போதும்.

வினிகரால் தெளிவாகப் பயனடைபவர்கள், கடினநீரில் சோப்புப் போட்டுத் தலை குளிப்பவர்கள். கண்டிஷனர் போட்டும் முடி சொரசொரப்பாகவே இருக்கிறது என்பவர்களும், கால்சியம் படிந்திருக்கக்கூடும் என்பதால், மாதம் ஒன்றிரண்டு முறை கண்டிஷனருக்கு முன்னால் செய்து பார்க்கலாம். சீயக்காய் சோப்பைப் போலக் காரமானதல்ல என்பதால் சீயக்காய் போடுபவர்களுக்குத் தேவை இன்னும் குறைவு.

பொடுகு போகும்னு சொல்றாங்களே?

பொடுகில் பங்கு வகிக்கும் மலசீசியா என்ற பூஞ்சை, தலைத்தோலின் எண்ணெயைத் தின்று வாழ்கிறது. ஒரு நிமிடம் வந்து அலசப்படும் நீர்த்த வினிகர் அதைக் கட்டுப்படுத்தும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்புவுக்கு ஆதாரம் இருக்கிறது. மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்டு, வாரம் இருமுறை, தலைத்தோலில் சில நிமிடம் விட்டு அலச வேண்டும்.

அரிக்கும் தோலில் வினிகரை நம்புவதற்கு எதிரான ஒரு செய்தியும் உண்டு. 2019-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 22 பேர் இரண்டு வாரம் தினமும் 10 நிமிடம் நீர்த்த ஆப்பிள் சைடர் வினிகரில் முன்கையை ஊற வைத்தார்கள். அவர்களில் பாதிப் பேர் எக்சிமா உள்ளவர்கள். தோலின் தடுப்புத் திறன் மேம்படவில்லை. பெரும்பாலோருக்கு எரிச்சல்தான் வந்தது. அந்தக் கரைசல் நாம் மேலே சொன்னதைவிட மூன்று மடங்குக்கு மேல் அடர்த்தி என்பதையும், அது கையில் செய்தது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆனாலும் புண், சொரியாசிஸ், எக்சிமா உள்ள தலையில் வினிகர் வேண்டாம் என்று சொல்ல அது போதும்.

அரிசி களைஞ்ச தண்ணியும் இதே வேலையத்தான் செய்யுதா?

செய்வதில்லை. களைந்த தண்ணீர் ஏறக்குறைய நடுநிலையில் இருப்பதால் அமிலமாக அது எதையும் சாதிக்காது. அதன் வேலை பூச்சு. கரைந்தும் மிதந்தும் இருக்கும் மாவுச்சத்து முடியின் மேல் மெல்லிய படலமாகக் காய்கிறது. பருத்திச் சேலைக்குக் கஞ்சி போடுவது எப்படியோ அப்படித்தான்: நூல் தடித்துவிடவில்லை, ஆனால் சேலை மொடமொடவென்று நிற்கிறது. மெல்லிய முடி உள்ளவர்கள் ‘முடி அடர்த்தியாகத் தெரிகிறது’ என்று சொல்வது இதைத்தான். அந்த உணர்வு பொய்யல்ல.

அரிசிப் புரதம் முடிக்குள் போய்ப் பலப்படுத்துகிறது என்பது மிகைப்படுத்தல். அரிசியில் உள்ள புரதத்தில் பெரும்பகுதி வெறும் தண்ணீரில் கரையாது. கரைவதிலும் பெரிய மூலக்கூறுகள் செதிலைத் தாண்டி உள்ளே நுழைவதில்லை. முதல் கழுநீரில் தூசியும் தவிடும் இருக்கும் என்பதால் அதைக் கொட்டிவிட்டு, இரண்டாவது கழுநீரை எடுங்கள். வடிகஞ்சி என்றால் ஒரு பங்குக்கு நான்கைந்து பங்கு தண்ணீராவது சேர்க்க வேண்டும்.

அரிசித் தண்ணி ஊத்த ஊத்த என் முடி வைக்கோல் மாதிரி ஆயிடுச்சு. புரதம் அதிகமாயிடுச்சுன்னு பார்லர்ல சொன்னாங்க.

மேலே சொன்ன காரணத்தால், புரதத்தைவிட மாவுப் படலம் அடுக்கடுக்காகச் சேர்ந்ததுதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. காய்ந்த முடியில் ஒரு கற்றையைக் கறுப்புத் துணியின் மேல் வைத்து விரல் நகத்தால் மெல்ல உருவுங்கள். வெள்ளைத் துகள் உதிர்ந்தால் படலம் இருக்கிறது. ஷாம்புவை இருமுறை போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் அலசியபின் விறைப்பு குறைந்தால் சந்தேகமே இல்லை. கடினநீரில் கால்சியமும் அதோடு கலந்திருக்கும் என்பதால், அதன் பிறகு ஒருமுறை வினிகர்க் கழுவல் செய்வது பொருத்தம். சுருட்டை முடிக்கும், சாயம் போட்டு வறண்ட முடிக்கும் இந்த விறைப்பு நல்லதல்ல. வளைக்கும் இடத்தில் முடி ஒடியும். அவர்கள் அரிசித் தண்ணீரை விட்டுவிடலாம்.

புளிக்க வச்ச அரிசித் தண்ணி ரொம்ப நல்லதாமே?

புளிக்கும்போது லாக்டிக் அமிலம் உருவாகி பிஎச் 4-ஐ ஒட்டிய அளவுக்கு இறங்குகிறது. ஆகவே புளித்த தண்ணீர் வினிகரின் வேலையையும் கஞ்சியின் வேலையையும் சிறிய அளவில் ஒன்றாகச் செய்கிறது. போர்வெல் தண்ணீரில் ஊற வைத்தால் அமிலம் செலவழியும் கதை இங்கும் உண்டு. குடிநீரில் ஊற வையுங்கள்.

நம் ஊர் வெயிலுக்கு ஒரு நாளுக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. நீராகாரத்தின் இனிய புளிப்பு வாசனை வந்தவுடன் எடுத்து, சம அளவு தண்ணீர் சேர்த்து அன்றே பயன்படுத்திவிடுங்கள். அழுகல் நாற்றமோ, மேலே பஞ்சு போன்ற படர்வோ, இளஞ்சிவப்பு அல்லது கறுப்பு நிறமோ கண்டால் கொட்டிவிட வேண்டும்.

சீனாவுல யாவோ பொண்ணுங்களுக்குத் தரையைத் தொடுற முடி இருக்கே, அது அரிசித் தண்ணியாலதானே?

குவாங்சி தன்னாட்சிப் பகுதியின் ஹுவாங்லுவோ கிராமத்தில் சிவப்பு யாவோ பெண்கள் புளித்த அரிசித் தண்ணீரில் முடி கழுவுவது உண்மை. அதோடு அவர்கள் வழக்கப்படி முடியை வெட்டுவதே அரிது. பெரும்பாலும் சுற்றிக் கட்டியே வைக்கிறார்கள். உரசலும் இழுபடுதலும் குறைந்தால் முடி ஒடியாமல் நீளும். பரம்பரையின் பங்கை இதிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது.

முடி வளர்வது தோலுக்கு அடியிலுள்ள வேர்ப்பையில். இந்த இரண்டு தண்ணீரும் அதன் வளர்ச்சியை மாற்றுவதாக ஆதாரம் இல்லை. கொத்துக் கொத்தாக உதிர்கிறது என்றால், இரண்டு மூன்று மாதங்களுக்கு முன் கடுங்காய்ச்சலோ பிரசவமோ இருந்ததா என்று யோசியுங்கள்; இரும்புச்சத்து, தைராய்டு பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது.

சோடா உப்பு போட்டுத் தேச்சிட்டு, அப்புறம் வினிகர் ஊத்தினா சமமாயிடும்ல?

எண்ணில் சமமாகும், முடிக்கு ஆகாது. சோடா உப்பு 8-க்கு மேல் இருப்பதால் செதில்கள் தூக்கிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் தேய்க்கிறீர்கள். அந்த உரசலில் உடைந்ததை வினிகர் திரும்ப ஒட்ட வைக்காது. இரண்டையும் ஒரே கிண்ணத்தில் கலந்தால் நுரைத்து அடங்கி, வெறும் உப்புத் தண்ணீர்தான் மிஞ்சும்.

ஊத்தினதும் தலை எரியுது. வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்?

அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. மேலே சொன்ன அளவில் நல்ல தோல் எரியாது. எரிந்தால் கரைசல் அதிக அமிலமாக இருக்க வேண்டும், அல்லது கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்க வேண்டும். ஆர்.ஓ. தண்ணீரில் கலந்தவர்களிடமிருந்தும், தண்ணீரே சேர்க்காமல் பஞ்சில் தொட்டுத் தடவியவர்களிடமிருந்தும்தான் இந்தப் புகார் அதிகம் வருகிறது. பேன் கடித்துச் சொறிந்த தலை, ஈரிழுத்த அன்று, சாயம் அல்லது ஸ்ட்ரெயிட்டனிங் செய்து தோல் சிவந்திருக்கும் நாட்கள் ஆகியவற்றில் ஊற்ற வேண்டாம்; குழந்தைகளுக்கு எப்போதுமே வேண்டாம்.

எரிந்தால் உடனே நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். இதற்குப் போர்வெல் தண்ணீரே நல்லது, அதிலுள்ள பைகார்பனேட் மிச்ச அமிலத்தைத் தீர்த்துவிடும். கண்ணில் பட்டால் இமையைத் திறந்து பிடித்து, ஓடும் சுத்தமான தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவ வேண்டும். அதன் பிறகும் சிவப்போ மங்கலோ இருந்தால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போய்விடுங்கள்.